இயல் 7: சதுரங்கக் கழகத்தின் கோப்பை விழாவுக்குக் கவிதை

பள்ளிச் சதுரங்கக் கழகத்தின் பரிசளிப்பு மாலைக்கு ஒரு கவிதை வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பொருளும் அவரே கொடுத்துவிட்டார்: பொறுமையும் திட்டமிடலும். இந்த நிலையில் இருக்கும் ஆசிரியருக்கோ மேல்நிலை வகுப்பு மாணவருக்கோ இந்த இயல் உதவும். நான் எடுத்துக்கொள்ளும் ஊர் நெய்வேலி. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் வேலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எழுத உட்கார்ந்தவுடன் எல்லோருக்கும் முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்: 'பொறுமை என்னும் ஆயுதம் எடு, திட்டம் என்னும் கேடயம் பிடி, வெற்றி உனதே தம்பி!' கைதட்டல் கிடைக்கும். ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சதுரங்கம் என்று வரும் இடத்தில் கபடி என்று போடுங்கள். கவிதை அசையாமல் அப்படியே நின்றால், அது இந்த மாலைக்கு எழுதியது அல்ல. 'வாழ்க்கையே ஒரு சதுரங்கம்' என்ற வரியும், ஆட்டம் முடிந்ததும் ராஜாவும் சிப்பாயும் ஒரே பெட்டிக்குள் போவதைப் பற்றிய வரியும் இந்த வகைதான். இவற்றைக் கேட்டு வளர்ந்த பெற்றோர்தான் எதிரே அமர்ந்திருப்பார்கள்.

எனவே என் முதல் விதி: கொடுக்கப்பட்ட தலைப்புச் சொல் கவிதைக்குள் வரவே கூடாது. 'பொறுமை' என்று எழுதாமல், பொறுமையாக இருப்பவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். பொறுமை என்பது சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல. பலன் உடனே தெரியாத வேலையைச் செய்துகொண்டிருப்பது. அப்படி ஒரு வேலையை ஊரிலிருந்தும், அப்படி ஓர் ஆட்டத்தைச் சதுரங்கத்திலிருந்தும் எடுத்துவிட்டால் பாதிக் கவிதை முடிந்தது.

ஊரிலிருந்து எடுப்பது

நெய்வேலியில் தேட வேண்டிய அவசியமே இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து ஊரின் கதையைத் தொடங்குவார்கள். 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெறும் மண்ணைத்தான் அள்ளினார்கள். கடலூர் மணற்கல் என்னும் கடினமான பாறையும் அந்த மண்ணில் உண்டு.

அதைவிடக் கவிதைக்கு ஏற்ற செய்தி தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அந்த நீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் நிலக்கரியில் கைவைக்க முடியும். பம்பு ஓடும்போது ஒரு துண்டு நிலக்கரியும் கிடைப்பதில்லை. பம்பு நின்றாலோ, அடுத்து நிலக்கரியே கிடைக்காது. நிலக்கரி தேடும் இடத்தில் முதல் வேலை தண்ணீர் இறைப்பது. எதிராளியைத் தாக்கும் முன் அவருடைய தாக்குதலுக்கு வழி அடைக்கும் ஆட்டக்காரர் செய்வதும் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுரங்கத்தைப் புகழ்ந்து 'பொன் விளையும் பூமி' என்று போய்விடாதீர்கள். டவுன்ஷிப் வட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளோடு, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளும் அதே அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். நிரந்தரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இருக்கும். பம்பைப் பற்றிய ஒரு வரி இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. நிர்வாகத்தைப் பற்றிய புகழ்ச்சி அப்படி அல்ல. விருந்தினர் நிர்வாகத்திலிருந்து வந்தாலும் அதை வரவேற்புரைக்கு விட்டுவிடுங்கள்.

ஆட்டத்திலிருந்து எடுப்பது

நான் எடுத்துக்கொண்டது 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த ஆட்டம். உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். அதுவரை சென்னையின் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. குகேஷுக்குக் கறுப்புக் காய்கள். வெகுநேர ஆட்டத்துக்குப் பிறகு இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள் மிஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் அது டிராவில் முடியும் என்றே பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். டிரா ஆகியிருந்தால் மறுநாள் டை-பிரேக்.

குகேஷ் விடவில்லை. பெரிதாக எதுவும் செய்யவும் இல்லை. டிராவை நோக்கிப் போகாமல், எதிராளி ஒவ்வொரு முறையும் சரியான பதிலைத் தேடியாக வேண்டிய நகர்வுகளையே தொடர்ந்து வைத்தார். டிங்கின் பிஷப் பலகையின் மூலைக் கட்டமான ஏ8-இல் இருந்தது. 55-வது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு வைத்தார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டார். அடுத்து தன் பிஷப்பை நடுக்கட்டமான டி5-க்குக் கொண்டுவந்தார். மூலையில் இருந்த வெள்ளைப் பிஷப்புக்கு இந்த மாற்றத்திலிருந்து தப்ப இடம் இல்லை. பிஷப்புகளும் போனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. 58-வது நகர்வோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். பிறகு குகேஷ் கண்ணீரோடு காய்களை மறுபடி தொடக்க நிலையில் அடுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதும்போது தோற்றவரைக் கேலி செய்யாதீர்கள். 'சீனனை வென்ற சிங்கம்' போன்ற தொடர் சதுரங்க மேடைக்கு ஆகாது. பிழை செய்தது ஒரு யானை என்று சொன்னால் போதும். அன்று மாலை கோப்பை வாங்காத பிள்ளைகளும் தங்கள் பிழையை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

வடிவம்

புதுக்கவிதை எளிதென்று பலர் நினைக்கிறார்கள். மேடையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்றால் அதுதான் கடினம். மறந்த வரியை நினைவுபடுத்த ஓசையின் உதவி கிடைக்காது. வெண்பா கட்டுப்பாடு மிகுந்தது, புதியவருக்கு வேண்டாம். நான் சொல்வது அறுசீர் விருத்தம். ஓர் அடியில் ஆறு சீர். மூன்று மூன்றாகப் பிரியும். இரண்டு பாதிக்கும் ஒரே வாய்பாடு: விளம், மா, தேமா. நான்கு அடி ஒரு பாடல். நிதானமாகச் சொன்னால் நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து அடி வரும். எனவே மூன்று பாடல், பன்னிரண்டு அடி போதும். அதற்கு மேல் போனால் முன்வரிசையில் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் சொல்ல வேண்டியதைப் பேச்சுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். என் முதல் பாடலுக்கான குறிப்பு இது: 'தண்ணியை இறைச்ச பிறகுதான் நிலக்கரி தெரியும். ஊர் தூங்கினாலும் பம்பு ஓடும். யாரையும் ஜெயிக்கும் முன்னாடி எதிராளியோட யானை எந்த வழியா வரும்னு பிள்ளை பார்க்குது. ஒரு சிப்பாயைத் தள்ளிட்டுக் கையை எடுத்துக்குது.' கடைசி வாக்கியம் போட்டி அறையில் கண்ட காட்சி. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி இருப்பதால், பயிற்சியாளர்கள் சின்னப் பிள்ளைகளைக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசிக்கச் சொல்வார்கள். பொறுமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு படம் தெரியவில்லை.

இனி ஓசைக்குள் கொண்டுவர வேண்டும். முதலில் 'நிலத்தடி நீரை இறைத்தால்' என்று தொடங்கிப் பார்த்தால், 'நிலத்தடி' கருவிளம், சரி. 'நீரை' தேமா, அதுவும் சரி. 'இறைத்தால்' புளிமாவாகிவிடுகிறது; மூன்றாம் இடத்தில் தேமா வேண்டும். அசை பிரிக்கத் தெரியாதவரும் இதைக் காதால் பிடித்துவிடலாம்: மேசையில் தட்டிக்கொண்டே சொன்னால் மூன்றாம் சீரில் கை தடுமாறும். 'நீரினை இறைத்த பின்னே' என்று மாற்றினால் கூவிளம், புளிமா, தேமா. இப்போது தட்டு சரியாக விழுகிறது. அடுத்த பாதி 'நிலக்கரி கண்ணில் தோன்றும்': கருவிளம், தேமா, தேமா. முதல் சீரின் 'நீ'யும் நான்காம் சீரின் 'நி'யும் மோனையாகத் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டன.

இனி எதுகை. 'நீரினை' என்று தொடங்கிவிட்டதால், மற்ற மூன்று அடிகளும் நெடிலில் தொடங்க வேண்டும். இரண்டாம் எழுத்து ரகர வரிசையில் வர வேண்டும். அடியை யோசிக்கும் முன் ஒரு தாளில் அப்படிப்பட்ட சொற்களை வரிசையாக எழுதிவிடுங்கள்: ஊரெலாம், யாரையும், ஓரடி, காரிருள், வேரினை, பாரினில். இவற்றுள் குறிப்புக்குப் பொருந்துவதை மட்டும் எடுங்கள். 'ஊர் தூங்கினாலும்' என்பதற்கு 'ஊரெலாம்', ஜெயிப்பதற்கு 'யாரையும்', சிப்பாய்க்கு 'ஓரடி'. 'காரிருள்' அழகான சொல்தான், ஆனால் அதற்கு இங்கே வேலை இல்லை. எதுகைக்காகப் பொருளை இழுத்து வருவதுதான் மரபுக் கவிதையில் அடிக்கடி நேரும் கேடு. 'பாரினில்' என்று ஓர் அடி தொடங்கினால், அது பெரும்பாலும் அப்படி வந்த அடியாகவே இருக்கும்.

மூன்று பாடலும் முடிந்தபோது கிடைத்தது இது:

நீரினை இறைத்த பின்னே நிலக்கரி கண்ணில் தோன்றும்;
ஊரெலாம் உறங்கும் போதும் ஓய்விலாப் பம்பு பாடும்;
யாரையும் வெல்லும் முன்னே யானையின் வழியைப் பார்த்து,
ஓரடி சிப்பாய் தள்ளி ஒதுங்கிடும் சின்னக் கைகள்.

முடிந்தது டிராதான் என்று முன்னமே பலரும் சொன்னார்;
அடுத்ததோர் நகர்வைத் தேடி அமைதியாய்க் குகேஷும் ஆட,
கடைசியாய் யானை ஒன்று கால்வழி தவறக் கண்டான்;
நடுவிலே பிஷப்பை வைத்தான். நனைந்தன கண்கள் பின்னே.

தோற்றவர் தாளில் கூடத் தொலைத்ததோர் நகர்வு தூங்கும்;
நேற்றைய பிழையைக் கண்டால் நிச்சயம் விழித்துக் கொள்ளும்;
மாற்றிய நகர்வை ஏந்தி மறுபடி பலகை சேர்வோம்;
ஏற்றிடும் கோப்பை தாண்டி இன்னொரு சுற்றும் உண்டு.

'பம்பு', 'டிரா', 'பிஷப்' மூன்றும் மரபு வடிவத்துக்குள் வரலாமா என்று தமிழாசிரியர் கேட்கக்கூடும். ஓசை கெடாதவரை வரலாம் என்பது என் தீர்ப்பு. பிள்ளைகள் அறையில் பேசும் சொல் அதுதான். மந்திரி என்று எழுதினால் சில வீடுகளில் அது ராணிக்கு உரிய காய், சில வீடுகளில் பிஷப். அரங்கில் பாதிப் பேர் தவறான காயை நினைத்துக்கொள்வார்கள். யானையா கோட்டையா என்பதையும் உங்கள் கழகத்தின் பழக்கத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒன்றை எடுத்தால் கடைசி வரை அதுவே.

மூன்றாம் பாடலில் வரும் தாள், நகர்வுகளை எழுதும் நோட்டேஷன் தாள். கோப்பை சிலருக்குத்தான், தாள் எல்லோரிடமும் இருக்கிறது. இந்த ஒரு பொருளைப் பிடித்ததால் ஆறுதல் சொல்லாமலே தோற்ற பிள்ளைகளைக் கவிதைக்குள் கொண்டுவர முடிந்தது. 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்திருப்பார்கள்.

பயிற்சியாளரிடம் காட்டுங்கள்

மேடைக்குப் போகும் முன் கவிதையைச் சதுரங்கம் தெரிந்தவர் ஒருவர் படிக்க வேண்டும். தமிழ் நன்றாக எழுதுபவர்கள் செய்யும் பிழைகள் சில உண்டு. 'பின்வாங்கும் சிப்பாய்' என்று எழுதிவிடுவார்கள். சிப்பாய் பின்னால் போகாது. 'ராஜாவை வெட்டி' என்று எழுதிவிடுவார்கள். ராஜா வெட்டுப்படுவதே இல்லை, தப்ப வழியின்றிச் செக்மேட் ஆகும்போதே ஆட்டம் முடிந்துவிடும். 'குதிரை நேராகப் பாய்ந்தது' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கேயே சிரித்துவிடும். ஒரு நிஜ ஆட்டத்தைப் பாடினால் நகர்வையும் சரிபாருங்கள். 'நடுவிலே பிஷப்பை வைத்தான்' என்று எழுதுவதற்கு டி5 பலகையின் நடு நான்கு கட்டங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அது அப்படித்தான் இருக்கிறது. அது நடுக்கட்டமாக இல்லாமல் போயிருந்தால் மோனை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்த அடியை மாற்றியிருப்பேன்.

மேடையில்

கவிதையைப் பரிசு கொடுப்பதற்கு முன்பே வையுங்கள். ஆண்டறிக்கைக்கும் பரிசளிப்புக்கும் நடுவே உள்ள இடம் சிறந்தது. பரிசு கொடுத்து முடிந்ததும் பெற்றோர் படம் எடுக்க எழுந்துவிடுவார்கள். நன்றியுரைக்கே ஆள் இருக்காது. இரண்டு பிள்ளைகள் சொல்லட்டும். ஒருவர் அடியின் முதல் பாதி, மற்றவர் இரண்டாம் பாதி. பாதிக்கு நடுவே ஒரு சிறு நிறுத்தம். இப்படிச் சொன்னால் இருவர் மாறி மாறி ஆடுவது போலவே காதில் விழும். இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஒருவர் மறந்தால் மற்றவர் கைகொடுக்கலாம்.

'பம்பு பாடும்' என்ற இடத்தில் பகரம் அடுத்தடுத்து வருகிறது. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தால் டப்டப்பென்று வெடிக்கும். முகவாய்க்குச் சற்றுக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். இதை ஒத்திகையில் மைக்கோடு ஒருமுறை கேட்டாக வேண்டும். வகுப்பறை ஒத்திகையில் இந்தக் குறை தெரியாது. இரண்டாம் பாடலின் கடைசி அடிக்குப் பிறகு கைதட்டல் வரக்கூடும். அது அடங்கும் வரை மூன்றாம் பாடலைத் தொடங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். 'தோற்றவர்' என்ற சொல் கைதட்டலில் மூழ்கினால் அந்தப் பாடலே போய்விடும்.

அடுத்த ஆண்டு இதே மாலை மறுபடி வரும். முதல் பாடலையும் மூன்றாம் பாடலையும் அப்படியே வைத்துக்கொண்டு, குகேஷ் இருக்கும் இரண்டாம் பாடலை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் கழகத்துப் பிள்ளை ஒருவர் அந்த ஆண்டு நீண்ட நேரம் தாக்குப்பிடித்து ஆடிய ஓர் ஆட்டத்தை, அவருடைய நோட்டேஷன் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, நான்கு அடியில் எழுதுங்கள். அந்த ஆட்டம் டிராவில் முடிந்திருந்தாலும் பரவாயில்லை.